தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எது வரம்பு மீறியிருக்கிறது? கொல்கத்தா போர்வெல் நீரை வைத்து ஒரு விளக்கம்

வேலைக்காகக் கொல்கத்தா வந்து, சால்ட் லேக் செக்டர் 5 அலுவலகத்துக்கும் கரியா, பெஹாலா பக்க வாடகை ஃபிளாட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பவரா நீங்கள்? உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் வருவது என்ன தண்ணீர் என்று விசாரித்திருக்கிறீர்களா? பால்டா, கார்டன் ரீச் போன்ற நிலையங்களில் ஹூக்ளி ஆற்று நீரைச் சுத்திகரித்து மாநகராட்சி விநியோகிக்கிறது. அது ஒரு வகை. கட்டடத்துக்குச் சொந்தமான ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் நீர் இன்னொரு வகை. சில அடுக்குமாடிகளில் இரண்டும் ஒரே தரைத்தொட்டியில் கலந்துவிடும்.

போர்வெல் நீர் என்று தெரிந்தால் பலரும் ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் பிடிஎஃப் வருகிறது. ஒரு பக்கம் முழுக்க எண்கள். கீழே "சோதிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும் பொருந்தும்" என்று ஒரு வரி. குடிக்கலாமா, கூடாதா என்று எங்கும் எழுதியிருக்காது. ஒவ்வொரு எண்ணையும் வரம்போடு ஒப்பிட்டு, மீறியவற்றைத் தனியே எடுக்கும் வேலை பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது. கணக்காகப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்துவிடுவான். ஆனால் எந்த வரம்போடு ஒப்பிடுவது என்பதில் பிசகினால், பட்டியலில் முதலில் வர வேண்டிய ஆர்சனிக் காணாமலே போய்விடும்.

இந்த ஊரில் ஏன் ஆர்சனிக்?

மேற்கு வங்கத்தில் குழாய்க்கிணற்று நீரால் ஆர்சனிக் நச்சுக்கு ஆளானவர்களை முதலில் அடையாளம் கண்டவர் தோல் மருத்துவர் கே.சி.சாஹா. கொல்கத்தாவின் ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் 1983-ல் இது நடந்தது. பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் மாவட்டம் மாவட்டமாகக் குழாய்க்கிணறுகளைச் சோதித்தார்கள். கொல்கத்தா நகருக்குள்ளும், குறிப்பாகத் தெற்குப் பகுதிகளில், வரம்பைத் தாண்டிய கிணறுகள் கிடைத்தன.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. கங்கைச் சமவெளியின் வண்டல் மணலில் ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. ஆர்சனிக் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வண்டலோடு புதைந்த தாவரக் கழிவுகளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நிலத்தடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அந்த நிலையில் இரும்புப் பூச்சு நீரில் கரைகிறது. அதோடு ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் நீருக்குள் வந்துவிடுகிறது. வங்காளத்துப் போர்வெல் நீரில் இரும்பும் ஆர்சனிக்கும் அடிக்கடி சேர்ந்தே தென்படுவது இதனால்தான். ஆனால் இரும்பு அதிகமிருந்தால் ஆர்சனிக்கும் கட்டாயம் இருக்கும் என்றோ, இரும்பு குறைந்தால் ஆர்சனிக் இருக்காது என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. தனியாகச் சோதித்தே ஆக வேண்டும்.

மண் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பெஹாலாவில் செம்பும் ஆர்சனிக்கும் கலந்த பாரிஸ் கிரீன் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஓர் ஆலையின் கழிவுநீர் நிலத்தில் இறங்கி, அக்கம்பக்கத்துக் குழாய்க்கிணறுகளைக் கெடுத்தது 1980-களின் இறுதியில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நீரைக் குடித்த குடும்பங்களில் தோல் பாதிப்புகள் தெரிந்த பிறகே கிணற்றின் மேல் சந்தேகம் திரும்பியது.

ஆர்சனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. உடம்பில் அதன் அறிகுறி தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். தோலில் புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு என்று தொடங்கி, நீண்டகாலத்தில் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் என்றதும் "டிடிஎஸ் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். பேனா வடிவ மீட்டரைத் தம்ளரில் விட்டுப் பார்ப்பார்கள். அந்த மீட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்புகளை மொத்தமாகச் சேர்த்து ஓர் எண்ணாகக் காட்டுகிறது. லிட்டருக்கு 612 மில்லிகிராம் உப்பு இருக்கும் நீரில் ஆர்சனிக் 0.028 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 0.028 இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீட்டர் 612 என்றே காட்டும். கடல்நீர் ஏறும் சென்னைக் கடலோரப் பகுதிகளில் டிடிஎஸ் ஒரு நல்ல முதல் கேள்விதான். இங்கே அது போதாது.

இரண்டு வரம்புகள் எதற்கு?

இந்தியாவில் குடிநீருக்கான தர அளவுகோல் ஐஎஸ் 10500:2012. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் வெளியிட்டது. இதன் அட்டவணைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஏற்கத்தக்க வரம்பு. நல்ல குடிநீர் இதற்குள் இருக்க வேண்டும். இரண்டாவது, வேறு நீர் ஆதாரமே இல்லாத நிலையில் மட்டும் பொறுத்துக்கொள்ளக்கூடிய வரம்பு. இதற்கு மேல் போனால் அந்த நீரை நிராகரித்துவிட வேண்டும்.

இந்த இரண்டாவது வரம்பின் முழுப்பெயர் நீளமானது என்பதால் ஆய்வக அறிக்கைகள் அதை வெறுமனே "அனுமதிக்கத்தக்க வரம்பு" என்று சுருக்கிவிடுகின்றன. "வேறு ஆதாரம் இல்லாத நிலையில்" என்ற நிபந்தனை அதில் விழுந்துபோகிறது. உங்கள் தெருவில் மாநகராட்சிக் குழாய் இருக்கிறது என்றால் உங்களுக்கு வேறு ஆதாரம் இருக்கிறது. நீங்கள் முதல் எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

சில பொருள்களுக்கு இரண்டாவது எண்ணே கிடையாது. அந்த இடத்தில் "தளர்வு இல்லை" என்று இருக்கும். நைட்ரேட், ஈயம் எல்லாம் அப்படித்தான். ஆர்சனிக் கதை கொஞ்சம் வேறு. 2012-ல் இந்தத் தரம் வெளியானபோது ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஏற்கத்தக்க வரம்பாகவும், 0.05 தளர்வாகவும் இருந்தது. 2015-ல் வந்த முதல் திருத்தம் அந்த 0.05-ஐ எடுத்துவிட்டு "தளர்வு இல்லை" என்று மாற்றியது. அதே திருத்தத்தில் இரும்பின் வரம்பு 0.3-லிருந்து 1.0 ஆக உயர்ந்தது. ஒன்று இறுகியது, இன்னொன்று நெகிழ்ந்தது.

ஆய்வகம் தன் பழைய டெம்ப்ளேட்டை மாற்றாமல் வைத்திருந்தால் அறிக்கையில் ஆர்சனிக்குக்கு எதிரே 0.05 என்றே அச்சாகியிருக்கும். 0.028 வந்த நீர் அந்த அறிக்கையின்படி பாஸ். இன்றைய தரத்தின்படி அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம். அதனால் அறிக்கை கைக்கு வந்ததும் ஆர்சனிக்குக்கு எதிரே என்ன வரம்பு அச்சாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். 0.05 என்றிருந்தால், அறிக்கையின் வரம்புப் பத்தியை அப்படியே ஒதுக்கிவிட்டு, வரம்புகளை நீங்களே எழுதிக்கொள்வது நல்லது.

ஓர் அறிக்கையைப் படிப்போம்

தெற்கு கொல்கத்தா அடுக்குமாடி ஒன்றின் போர்வெல் நீருக்கு வந்ததாக ஒரு மாதிரி அறிக்கையை எடுத்துக்கொள்வோம். முடிவுகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. வரம்புகள் திருத்தங்களோடு கூடிய ஐஎஸ் 10500-ன் வரம்புகள். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் அலகு லிட்டருக்கு மில்லிகிராம்.

| சோதனை | முடிவு | ஏற்கத்தக்க வரம்பு | வேறு ஆதாரம் இல்லையெனில் |
|---|---|---|---|
| பிஎச் | 7.3 | 6.5–8.5 | தளர்வு இல்லை |
| கலங்கல் (என்டியு) | 4.2 | 1 | 5 |
| டிடிஎஸ் | 612 | 500 | 2000 |
| மொத்தக் கடினத்தன்மை | 368 | 200 | 600 |
| குளோரைடு | 96 | 250 | 1000 |
| நைட்ரேட் | 3 | 45 | தளர்வு இல்லை |
| ஃப்ளூரைடு | 0.4 | 1.0 | 1.5 |
| இரும்பு | 1.4 | 1.0 | தளர்வு இல்லை |
| மாங்கனீசு | 0.24 | 0.1 | 0.3 |
| ஆர்சனிக் | 0.028 | 0.01 | தளர்வு இல்லை |
| ஈயம் | பிடிஎல் | 0.01 | தளர்வு இல்லை |
| ஈ.கோலை (100 மி.லி.யில்) | இல்லை | இருக்கக் கூடாது | இருக்கக் கூடாது |

முதல் வரம்போடு ஒப்பிட்டால் ஆறு மீறுகின்றன: கலங்கல், டிடிஎஸ், கடினத்தன்மை, இரும்பு, மாங்கனீசு, ஆர்சனிக். இரண்டாவது வரம்போடு ஒப்பிட்டால் மிஞ்சுவது இரும்பும் ஆர்சனிக்கும் மட்டும்தான். திருத்தத்துக்கு முந்தைய 2012 எண்களை வைத்துத் தளர்வு வரம்போடு ஒப்பிட்டால்? ஆர்சனிக் உள்ளே வந்துவிடும், இரும்பு மட்டும் வெளியே நிற்கும். "இரும்புதானே, பக்கெட்டில் கறை படியும், அவ்வளவுதான்" என்று அறிக்கையை மூடிவிடத் தோன்றும். நீர் ஒன்றே, முடிவுகளும் அவையே. வரம்பு மாறியதில் ஆறு, இரண்டு, ஒன்று என்று மூன்று விதமான பட்டியல் வந்துவிட்டது.

மீறிய ஆறையும் "எத்தனை மடங்கு அதிகம்" என்று வரிசைப்படுத்திப் பார்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் கலங்கல்தான் முதலில் வரும், 4.2 மடங்கு. ஆர்சனிக் 2.8 மடங்கோடு இரண்டாமிடம். மாங்கனீசு 2.4 மடங்கோடு அதற்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆபத்தின் வரிசை இது கிடையாது. ஒவ்வொரு வரம்பும் வெவ்வேறு காரணத்துக்காகப் போடப்பட்டது. கடினத்தன்மைக்கான வரம்பு பாத்திரத்திலும் கீசரிலும் படியும் சுண்ணாம்பை மனத்தில் வைத்தது. இரும்புக்கான வரம்பு சுவையையும் கறையையும் ஒட்டியது. ஆர்சனிக் வரம்பு உடல்நலத்துக்கானது. அதுவும்கூட "இதற்குக் கீழே ஒன்றும் ஆகாது" என்ற கோடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1993-லிருந்து 0.01 என்ற இந்த அளவைத் தற்காலிக வழிகாட்டு மதிப்பு என்றே குறிப்பிடுகிறது. அதைவிடக் குறைவாக அளப்பதிலும் நீக்குவதிலும் உள்ள நடைமுறைச் சிரமம்தான் அதற்குக் காரணம்.

ஆறு மீறல் என்றால் ஆறு தனித்தனிப் பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். நிலத்தடியிலிருந்து வரும்போது கண்ணாடிபோல் இருக்கும் இரும்பு நீர், காற்று பட்டதும் மெல்ல மஞ்சளாகிக் கலங்கும். ஆகவே 4.2 என்ற கலங்கலில் பெரும்பங்கு அந்த இரும்பாகவே இருக்கலாம். மாங்கனீசும் அதே ஆக்சிஜனற்ற சூழலில்தான் கரைகிறது. டிடிஎஸ்ஸும் கடினத்தன்மையும் கால்சியம், மக்னீசியம் உப்புகளால் ஒன்றாக ஏறியவை. இங்கே குளோரைடு குறைவாக இருப்பதால் உப்புநீர் கலந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

ஷீட்டில் போட்டுவிடலாம்

ஒரு அறிக்கை என்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அடுக்குமாடிச் சங்கத்தில் நான்கைந்து பிளாக்குகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை என்றால் கூகுள் ஷீட்ஸ் சுலபம். A பத்தியில் சோதனையின் பெயர், B-யில் முடிவு, C-யில் கீழ் வரம்பு, D-யில் மேல் வரம்பு. பிஎச் தவிர மற்றவற்றுக்கு C காலியாக இருக்கட்டும். E2-வில் இதைப் போட்டு, E13 வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(B2="","சோதிக்கவில்லை",IF(ISTEXT(B2),"கையால் பார்",IF(AND(C2<>"",B2<C2),"குறைவு",IF(AND(D2<>"",B2>D2),"அதிகம்",""))))
```

மீறியவற்றை மட்டும் தனியே எடுக்க, காலியான ஓர் இடத்தில் இது:

```
=FILTER(A2:E13, E2:E13<>"")
```

நம் மாதிரி அறிக்கையைப் போட்டால் எட்டு வரிகள் திரும்பி வரும். ஆறு "அதிகம்", இரண்டு "கையால் பார்". எதுவுமே மீறாவிட்டால் FILTER ஒரு #N/A பிழையைக் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

சூத்திரத்தில் முக்கியமான பகுதி அந்த "கையால் பார்"தான். ஆய்வகம் எல்லா முடிவையும் எண்ணாகத் தருவதில்லை. "இல்லை" என்று எழுதும், "பிடிஎல்" என்று எழுதும், "<0.005" என்று எழுதும். ஷீட்டுக்கு இவையெல்லாம் வெறும் எழுத்து. எரிச்சல் தாங்காமல் அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் காரியம். எதற்காக அப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு நம் அறிக்கையின் ஈய வரியே உதாரணம்.

"பிடிஎல்" என்றால் இல்லை என்று பொருளா?

பிடிஎல் என்பது "கண்டறியும் வரம்புக்குக் கீழே" என்பதன் சுருக்கம். எங்கள் கருவியால் பார்க்க முடிந்த அளவுக்கு எதுவும் தெரியவில்லை என்கிறது ஆய்வகம். அந்தக் கருவி எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பதுதான் இங்கே கேள்வி. ஈயத்தின் வரம்பு 0.01. அந்த ஆய்வகம் பயன்படுத்திய முறை 0.05-க்குக் கீழே எதையும் காணாது என்றால், உங்கள் நீரில் 0.04 ஈயம் இருந்தாலும் பிடிஎல் என்றுதான் வரும். வரம்பைப் போல நான்கு மடங்கு, அறிக்கையிலோ சுத்தம். ஒழுங்கான ஆய்வகம் பிடிஎல் பக்கத்திலோ அறிக்கையின் அடியிலோ கண்டறியும் வரம்பை எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் போன் செய்து கேட்கலாம். அது தர வரம்புக்குக் கீழே இருந்தால் பாஸ். மேலே இருந்தால் "முடிவு சொல்ல முடியாது" என்று தனியாகக் குறித்து, வேறு முறையில் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஈ.கோலை வரியில் நிலைமை எளிது. "இல்லை" என்றால் பாஸ். சில ஆய்வகங்கள் பல குழாய்களில் வளர்த்து எண்ணும் முறையைப் பின்பற்றுவதால் "<1.8" அல்லது "<2" என்று எழுதும். அந்த முறையில் எதுவும் வளரவில்லை என்பதற்கு அப்படித்தான் எழுதுவார்கள்.

அலகிலும் ஒரு கண் இருக்கட்டும். உலோகங்களைச் சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மைக்ரோகிராமில் தரும். சில இடங்களில் அதையே பிபிபி என்று எழுதியிருப்பார்கள். 28 மைக்ரோகிராமும் 0.028 மில்லிகிராமும் ஒன்றுதான். ஷீட்டில் ஏற்றும் முன்பு எல்லாவற்றையும் மில்லிகிராமுக்கு மாற்றிவிடுங்கள். நைட்ரேட்டில் இன்னொரு சிக்கல்: 45 என்ற வரம்பு முழு நைட்ரேட்டுக்கானது. ஆய்வகம் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டு எழுதியிருந்தால் அந்த எண்ணை 4.43-ஆல் பெருக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். அப்படி எழுதிய அறிக்கையில் 12 என்று இருந்தால் உண்மையில் அது 53, அதாவது வரம்புக்கு மேலே.

கீழ் வரம்பு என்று ஒன்று இருப்பதும் மறந்துபோகக்கூடியது. மாநகராட்சிக் குழாய் நீரைச் சோதித்தால் அதில் எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 இருக்க வேண்டும். அங்கே "பிடிஎல்" வந்தால் அதுதான் மீறல். குளோரின் சேர்க்காத போர்வெல் நீருக்கு இந்த விதி கிடையாது.

சோதிக்காத பொருளின் கதை

அறிக்கையில் இல்லாத வரியை எந்த ஷீட்டும் பிடிக்காது. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு வழக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரைச் சோதித்து 1992-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. பல பொருள்களை அளந்திருந்தார்கள். ஆர்சனிக்கை அளக்கவில்லை. பிற்பாடு அங்கே ஆர்சனிக் நச்சு பெரிய அளவில் தெரியவந்ததும் பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் லண்டனில் வழக்குத் தொடுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 2006-ல் அவருக்கு எதிராக முடிந்தது. அந்த நிறுவனத்துக்கு அவர் விஷயத்தில் சட்டப்படியான பொறுப்பு இல்லை என்று தீர்ப்பு. அறிக்கையை நம்பியவர்களுக்குச் சட்டத்தில் வழி கிடைக்கவில்லை.

வீட்டு அளவில் இதே விஷயம் விலைப்பட்டியலில் தலைகாட்டும். அடிப்படைப் பேக்கேஜ் என்று ஆய்வகம் தருவதில் பிஎச், டிடிஎஸ், கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு எல்லாம் இருக்கும். ஆர்சனிக், ஈயம் போன்றவை "கன உலோகங்கள்" என்று தனிக் கட்டணத்தில் போய்விடலாம். கொல்கத்தாவில் போர்வெல் நீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது "ஆர்சனிக் சேர்த்துத்தானே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். ஆய்வகத்துக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அந்த அங்கீகாரம் நீரில் ஆர்சனிக் சோதனைக்கும் உண்டா என்று கேளுங்கள். அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது.

தமிழ்நாட்டுக்கு வந்தால் கேள்வி மாறும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளூரைடு. அங்கே 1.0, 1.5 என்ற இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் மாட்டும் நீர் நிறைய.

பாட்டிலிலேயே தப்பிவிடும் ஆர்சனிக்

வரம்பு சரி, அலகு சரி, ஆனாலும் எண் தப்பாக இருக்க ஒரு வழி உண்டு. இரும்பு நிறைந்த நீரைச் சாதாரண மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் மேஜைமேல் வைத்துப் பாருங்கள். அடியில் காவி நிறத்தில் வண்டல் படியும். கரைந்திருந்த இரும்பு காற்று பட்டு வெளியே வந்ததுதான் அது. இறங்கும்போது ஆர்சனிக்கையும் தன்னோடு பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கும். ஆய்வகத்தில் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து அளந்தால் உண்மையைவிடக் குறைவாகவே வரும்.

இதைத் தவிர்க்கத்தான் உலோகச் சோதனைக்கான பாட்டிலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். பிஎச் 2-க்குக் கீழே போனால் இரும்பும் ஆர்சனிக்கும் கரைந்த நிலையிலேயே இருக்கும். அமிலம் நீங்கள் ஊற்றுவதற்கு இல்லை. ஆய்வகத்திடம் அதற்கான பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள், அல்லது அவர்கள் ஆளையே வரச்சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். கிருமிச் சோதனைக்குக் கிருமிநீக்கிய பாட்டில் தனி. அது பனிக்கட்டிப் பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். ஒரே பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கிக்கொண்டு எல்லாச் சோதனையும் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், அந்த அறிக்கையின் உலோக எண்களை நான் நம்ப மாட்டேன்.

எந்தக் குழாய் என்பதும் முக்கியம். போர்வெல்லைப் பற்றித் தெரிய வேண்டுமானால் மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன் பிடிக்க வேண்டும். நீங்கள் குடிப்பது என்ன என்று தெரிய வேண்டுமானால் சமையலறைக் குழாயில். மேல்நிலைத் தொட்டியில் இரும்பு படிந்தால் ஆர்சனிக்கும் கொஞ்சம் அங்கே இறங்கியிருக்கும். அதனால் இரண்டு எண்களும் வேறுபட்டால் அதில் ஆச்சரியமில்லை.

மீறல் உறுதியானால்?

முதல் வேலை, அமிலம் சேர்த்த பாட்டிலில் இன்னொரு மாதிரி. 0.011, 0.012 என்று வரம்பை ஒட்டி வந்திருந்தால் அளவீட்டுப் பிழைக்கே இடமிருக்கிறது. இரண்டாவது முடிவு வந்த பிறகுதான் பேச வேண்டும். 0.028 என்றால் இரண்டாவது முடிவு வரும்வரைகூடக் காத்திருக்காமல், குடிப்பதற்கும் சமைப்பதற்கும் மாநகராட்சியின் சுத்திகரித்த ஆற்று நீருக்கு மாறிவிடலாம். சமையலை விட்டுவிடாதீர்கள். சோறு வேகும்போது தண்ணீரையும் அதிலுள்ளதையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. குளிப்பது, துணி துவைப்பது பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். தோல் வழியாக ஆர்சனிக் உள்ளே போவது மிகக் குறைவு.

கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போகாது. நீர் ஆவியாகி அது மிச்சமிருப்பதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். புறஊதாக் கதிர் வைத்த ஃபில்டர் கிருமிக்கானது, இதற்குப் பயனில்லை. ஆர்ஓ குறைக்கும். ஆனால் நிலத்தடி நீரில் ஆர்சனிக்கின் ஒரு பகுதி மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்கிறது. அந்த வடிவத்தை ஆர்ஓ சவ்வு அவ்வளவாகத் தடுப்பதில்லை. எனவே "ஆர்ஓ மாட்டியிருக்கிறோம்" என்று வீட்டு உரிமையாளர் சொன்னால் அதோடு விட்டுவிடாமல், ஆர்ஓவிலிருந்து வரும் நீரைத் தனியாகப் பிடித்து ஆர்சனிக் சோதனைக்குக் கொடுங்கள். 0.01-க்குக் கீழே வந்தால் குடிக்கலாம். சவ்வு பழசாகப் பழசாக அந்த எண் ஏறும் என்பதால், மாற்றும் தேதி நெருங்கும்போது அதே நீரை மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.